ஆப்பிள் வாட்சில் பேசிப் பதிந்து ஐபோனில் தேடி எடுப்பது: ஏரிக்கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

ஜனவரி மாதக் காலையில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தின் கரையில் நிற்கும்போது இரண்டு கைகளும் பைனாகுலரில் இருக்கும். வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பும். எண்ணி முடித்துவிட்டுப் பையிலிருந்து போனை எடுத்து, திறந்து, தட்டச்சு செய்யத் தொடங்குவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும், முந்தைய எண்ணிக்கை மறந்துவிடும். இதற்காகத்தான் மணிக்கட்டில் பேசிப் பதியும் பழக்கத்துக்கு வந்தேன். பதிவது சுலபம். மாலையில் வீட்டுக்கு வந்து அந்தப் பதிவுகளைப் போனில் கண்டுபிடித்து, எது எந்தப் பறவை, எத்தனை மணிக்கு என்று எடுப்பதுதான் கஷ்டம். அதனால் இந்த வழிகாட்டி பின்பாதிக்கே அதிக இடம் கொடுக்கிறது.

நான் எழுதுவது ஆப்பிள் வாட்சும் ஐபோனும் சேர்ந்து பயன்படுத்துபவர்களுக்கு. திரையில் தெரியும் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம்

வாட்சில் பேசிக் குறிப்பெடுக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வேறு வேறு வேலை.

ஒன்று, குரலைக் குரலாகவே சேமிப்பது. இதற்கான செயலி Voice Memos. 2019-இல் வந்த watchOS 6 முதல் இது வாட்சிலேயே இருக்கிறது. இதற்கு இணையம் வேண்டாம், போன் பக்கத்தில் இருக்கவும் வேண்டாம். நீங்கள் தமிழில் பேசினாலும், பறவையின் குரலையே பதிந்தாலும், கேட்டதை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆனால் தமிழில் பேசிய பதிவில் என்ன இருக்கிறது என்று பிறகு பார்க்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, பேசுவதை எழுத்தாக மாற்றுவது. Reminders செயலியிலோ, புதிய வாட்ச்களில் Notes செயலியிலோ மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் சொற்கள் எழுத்தாக வந்துவிடும். மாலையில் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் கிடைத்துவிடும். ஆனால் அது தவறாகக் கேட்டு எழுதிவிட்டால், மூலக் குரல் எங்கும் இருக்காது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று திரும்பிப் பார்க்க வழியில்லை.

எண்ணிக்கையும் அடையாளக் குறிப்பும் போல, தவறினால் மீட்க முடியாதவற்றைக் குரலாகப் பதிகிறேன். 'திரும்பும் வழியில் கண்மாயின் தெற்குக் கரையையும் பார்க்க வேண்டும்' போன்ற நினைவூட்டல்களை எழுத்தாக மாற்றுகிறேன். இந்தப் பிரிப்பை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் குறையும்.

கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

ஐபோனில் Settings திறந்து, மேலே உங்கள் பெயரைத் தொட்டு, iCloud-க்குள் போங்கள். அங்கே iCloud-ஐப் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியலை முழுவதுமாக விரித்தால் Voice Memos இருக்கும். அது இயக்கத்தில் இருக்க வேண்டும். வாட்சில் எடுத்த பதிவு போனுக்கு வந்து சேர்வது இந்த வழியாகத்தான். புளூடூத்தில் இணைந்திருக்கிறதே, அது போதும் என்று நினைத்து இதை விட்டுவிடுபவர்கள் பலர்.

அதே பக்கத்தில் மேலே, ஐகிளவுட்டில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று காட்டும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. போட்டோக்கள் அதை நிரப்பிவிட்டால், புதிய குரல் பதிவுகள் ஏற இடமிருக்காது. வாட்சில் பதிவு இருக்கும், போனில் இருக்காது. இதை ஏரிக்கரையிலிருந்து திரும்பி வந்து தெரிந்துகொள்வதைவிடக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. குரல் பதிவு ஒன்றும் பெரிய இடம் பிடிக்காது. வழக்கமான தரத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ அரை எம்பிதான். நூறு குட்டிப் பதிவுகள் சேர்ந்தாலும் ஒரு சிறு வீடியோவின் அளவுக்கு வராது.

போனில் Voice Memos செயலியை எப்போதாவது 'தேவையில்லை' என்று நீக்கியிருந்தால், வாட்சிலிருந்தும் அது போயிருக்கும். ஆப் ஸ்டோரில் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, வாட்ச் முகப்பில் ஒரு குறுக்குவழி. முகப்பை விரலால் அழுத்திப் பிடித்தால் Edit வரும். அதைத் தொட்டு, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனால் முகப்பிலுள்ள சிறு கட்டங்களை மாற்றும் இடம் வரும். உங்கள் கட்டைவிரல் எளிதாக எட்டும் ஒரு மூலையைத் தொட்டு, பட்டியலை உருட்டி Voice Memos-ஐத் தேர்ந்தெடுங்கள். செயலிகளின் தேன்கூட்டில் சின்ன வட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வாத்து போய்விடும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு நிமிடம் ஆகும், அதன் பிறகு ஒவ்வொரு பதிவிலும் நேரம் மிச்சம்.

எல்லாம் முடிந்ததும் வீட்டிலேயே ஒரு பத்து விநாடிப் பதிவு எடுத்து, அது போனில் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் களத்துக்குப் போக வேண்டாம்.

களத்தில் பதிவது

முகப்பிலுள்ள குறுக்குவழியைத் தொட்டால் செயலி திறக்கும். சிவப்புப் பொத்தானைத் தொட்டால் பதிவு தொடங்கும். மீண்டும் தொட்டால் முடியும். சேமிக்கவா என்று கேட்காது, தானே சேமித்துவிடும்.

தொடங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? திரையில் விநாடிகள் ஓட வேண்டும், பேசும்போது ஒலிக்கோடுகள் துள்ள வேண்டும். இதைப் பார்க்காமல் பேசத் தொடங்கக் கூடாது என்பதை நான் ஒரு முழுக் காலையை இழந்துதான் கற்றேன். ஈர விரலால் பொத்தானைத் தொட்டுவிட்டு, பதிவாகிறது என்று நம்பி, பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடியே பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒன்றுமே இல்லை. இப்போது தொட்டதும் விநாடி 1, 2 என்று நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

தொடங்கிய பிறகு கையைத் தாழ்த்தினாலும், திரை மங்கினாலும் பதிவு தொடரும். மைக் இயங்குவதைக் காட்டும் சிறு குறி திரையின் மேலே இருக்கும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. நிறுத்த மறந்தால் ஒரு மணி நேரம் உங்கள் நடையொலியும் காற்றும் பதிவாகிக்கொண்டே இருக்கும். அதைத் தேடிப் பொறுக்குவது பெரிய வேலை. பதிவின் நடுவில் போன் அழைப்பு வந்தால் பதிவு இடையில் நின்றுவிடலாம். அதனால் கரையில் இருக்கும் நேரத்துக்குத் தொந்தரவு செய்யாத நிலையை இயக்கி வைக்கிறேன்.

மைக் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சீரீஸ் 4-இலிருந்து, திருகுக்கும் பக்கப் பொத்தானுக்கும் இடையே ஒரு சிறு துளையாக இருக்கிறது. முழுக்கைச் சட்டையின் விளிம்போ, மடங்கிய புறங்கையோ அதை மூடினால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். வாட்சை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். ஏரிக்கரையில் இன்னொரு எதிரி காற்று. காற்று நேராகத் துளையில் அடித்தால் 'புஸ் புஸ்' என்ற இரைச்சல் பேச்சையே விழுங்கிவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மணிக்கட்டை மார்புக்கருகே கொண்டுவந்து பேசினால் உடம்பே தடுப்பாகிவிடும். கத்திப் பேச வேண்டியதில்லை. பறவைகளும் கலையாது.

இனி, பேசும் முறை. இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. மாலையில் தேடும்போது உதவுவது நீங்கள் என்ன வரிசையில் பேசினீர்கள் என்பதே. நான் எப்போதும் இந்த வரிசையில்தான் பேசுகிறேன்: முதலில் பறவை, அப்புறம் எண்ணிக்கை, அப்புறம் இடம், கடைசியாகச் சந்தேகம் இருந்தால் அது. எடுத்துக்காட்டாக, "வரித்தலை வாத்து. நாற்பத்திரண்டு. நான்கு, இரண்டு. கிழக்குக் கரை, தண்ணீரில்." எண்ணை முழுச் சொல்லாகவும் இலக்கம் இலக்கமாகவும் இரண்டு முறை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காற்றில் 'அறுபது' என்றதா 'எழுபது' என்றதா என்று பிறகு குழம்பும். இலக்கத்தைத் தனித்துச் சொல்லியிருந்தால் குழம்பாது.

ஒரு பதிவில் ஒரு சங்கதி. இதை மட்டும் விடாமல் கடைப்பிடியுங்கள். ஐந்து பறவைகளை ஒரே மூன்று நிமிடப் பதிவில் அடுக்கினால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? தனித்தனியாக எட்டு விநாடி, பத்து விநாடிப் பதிவுகளாக எடுத்தால், ஒவ்வொன்றுக்கும் செயலியே நாளையும் நேரத்தையும் குறித்துக்கொடுக்கிறது. பட்டியல் எழுதும்போது அந்த நேரம் பொன் போன்றது.

கரையில் ஊர்க்காரர் யாராவது பேச வந்தால், பதிவு ஓடுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டும். அவற்றைப் பல தலைமுறையாகப் பார்த்துவரும் பெரியவர்கள் சொல்லும் விவரங்கள் அருமையானவை. "ஐயா, நீங்க சொல்றதை இதுல பதிஞ்சுக்கலாமா?" என்று மணிக்கட்டைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் பதியக் கூடாது. போன் நீட்டினால் தெரியும், வாட்ச் என்றால் அவர்களுக்குத் தெரியாது. அதனாலேயே நாம்தான் சொல்ல வேண்டும்.

எழுத்தாக மாற்றுவது

இதற்கு நான் பயன்படுத்துவது Reminders. கிளம்பும் முன் போனில் அந்தச் செயலியில் 'ஏரி' என்று ஒரு தனிப் பட்டியல் உருவாக்கி வைத்துவிடுவேன். வாட்சில் Reminders திறந்து, அந்தப் பட்டியலுக்குள் போய், புதிதாகச் சேர்க்கும் பொத்தானைத் தொட்டு, மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும். பேசி முடித்ததும் திரையில் வந்த எழுத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு முடிக்கவும்.

வாட்ச் எந்த மொழியில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் கேட்கும்படி இருக்கும்போது தமிழில் பேசினால், அது தமிழ் ஒலிகளுக்கு அருகிலிருக்கும் ஆங்கிலச் சொற்களைக் கோத்து ஒரு பொருளற்ற வாக்கியத்தை எழுதிவிடும். அதைப் பார்த்தவுடனே மொழி தவறு என்று புரிந்துகொள்ளலாம். ஆங்கிலத்திலேயே பேசினாலும் பறவைப் பெயர்கள் வழுக்கும். `painted stork` என்று நீங்கள் சொன்னது `painted stock` என்று வரலாம், `geese` என்பது `keys` ஆகலாம். ஊர்ப் பெயர்கள் இன்னும் மோசம். அதனால்தான் எண்ணிக்கையை இதில் நம்பாதீர்கள் என்கிறேன்.

இணையம் இன்னொரு கேள்வி. சீரீஸ் 9, அல்ட்ரா 2, அவற்றுக்குப் பின் வந்த வாட்ச்கள் ஆங்கிலம் போன்ற சில மொழிகளில் பேச்சை வாட்சுக்குள்ளேயே எழுத்தாக மாற்றிவிடும். அதற்கு முந்தைய வாட்ச்களில் இந்த வேலைக்கு இணையம் தேவைப்படும். சிக்னல் இல்லாத கரையில் பேசினால், சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றும் எழுதாமல் முடியும். அப்படி நேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே Voice Memos-க்கு மாறி, அதையே குரலாகப் பதிந்துவிடுங்கள்.

Reminders-இல் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, பட்டியலில் ஒரு வரியின் பக்கத்திலுள்ள வட்டத்தில் விரல் பட்டுவிட்டால் 'முடிந்தது' என்று கணக்காகி, அது பார்வையிலிருந்து மறைந்துவிடும். அழியவில்லை. போனில் அந்தப் பட்டியலைத் திறந்து, மேலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Show Completed என்று கொடுத்தால் திரும்பத் தெரியும். இரண்டாவது, எத்தனை மணிக்கு எழுதினீர்கள் என்பதை அந்த வரியில் காட்டாது. உருவாக்கிய வரிசையில் அடுக்க முடியும், ஆனால் மணி தெரியாது. நேரம் முக்கியம் என்றால் அதையும் வாயால் சொல்லிவிட வேண்டும்: "ஏழு பத்து, தெற்குக் கரை பார்க்க வேண்டும்."

2025-இல் வந்த watchOS 26 உங்கள் வாட்சில் இருந்தால் Notes செயலியும் வாட்சிலேயே கிடைக்கும். சீரீஸ் 6-க்கு முந்தைய வாட்ச்களுக்கு அந்தப் பதிப்பு கிடையாது. அதில் புதிய குறிப்பைத் தொடங்கிப் பேசினால் போனிலுள்ள Notes-க்கு வந்துவிடும், நாளும் நேரமும் சேர்ந்தே இருக்கும். நீண்ட குறிப்புக்கு இதுவே மேல். ஒருவரி நினைவூட்டலுக்கு எனக்கு இன்னும் Reminders-தான் கைக்கு வருகிறது.

மாலையில் போனில் தேடுவது

வீட்டுக்கு வந்ததும் வாட்சைச் சார்ஜரில் வைத்து, போனையும் பக்கத்திலேயே வைத்து, வைஃபை இயக்கத்தில் விட்டுவிடுங்கள். குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் பதிவுகள் சேர்ந்திருக்கும். கரையிலேயே போனைத் திறந்து 'எங்கே காணோம்' என்று தேட வேண்டாம், உடனுக்குடன் வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

போனில் Voice Memos திறங்கள். நேராகப் பதிவுகளின் பட்டியல் திறந்தால், மேல் இடது மூலையிலுள்ள அம்புக்குறியைத் தொட்டு ஒரு படி பின்னே வாருங்கள். அங்கே கோப்புறைகள் தெரியும். வாட்சில் எடுத்தவை Watch Recordings என்ற கோப்புறையில் தானாகவே திரண்டிருக்கும். இந்தக் கோப்புறை இருப்பதே தெரியாமல், எல்லாப் பதிவுகளும் கலந்த பெரிய பட்டியலில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். போனில் எடுத்த பாட்டு வகுப்புப் பதிவுகளும் வாட்சில் எடுத்த வாத்துப் பதிவுகளும் கலந்து கிடந்தால் யாருக்கும் தலைசுற்றும்.

எல்லாவற்றின் பெயரும் New Recording, New Recording 2, New Recording 3 என்று இருக்கும். செயலியின் அமைப்பில் இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடும் வசதியும் உண்டு. பல ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு அது உதவும். ஒரே கரையில் பத்துப் பதிவு எடுத்தால் பத்துக்கும் ஒரே ஊர்ப் பெயர் வந்து நிற்கும். நாமே பெயர் வைப்பதுதான் வழி, அதையும் அன்றைக்கே செய்ய வேண்டும்.

அந்த ஜனவரிக் காலை ஒன்றை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வாட்ச் கோப்புறையில் ஏழு பதிவுகள். முதலாவதின் நேரம் 6:42, நீளம் 9 விநாடி. தொட்டுக் கேட்டேன்: "தொடக்கம். கூந்தன்குளம், கிழக்குக் கரை. மேகம் இல்லை." அதன் பெயரின் மேல் தொட்டு, `2025-01-12 00 தொடக்கம்` என்று மாற்றினேன். அடுத்தது 6:48: வரித்தலை வாத்து 42. அதன் பெயர் `2025-01-12 01 வரித்தலை வாத்து 42` என்றானது. மூன்றாவது மஞ்சள்மூக்கு நாரை, நான்காவது கூழைக்கடா. ஐந்தாவதில் காற்று இரைச்சல் அதிகம், எண் புரியவில்லை.

அந்த ஐந்தாவதைத் திறந்து, சறுக்குக் கோடுகள் போன்ற படத்தைத் தொட்டால் சில வசதிகள் வரும். அதில் Enhance Recording-ஐ இயக்கினால் பின்னணி இரைச்சல் ஓரளவு குறையும். கேட்கும் வேகத்தையும் அங்கேயே குறைக்கலாம். இரண்டையும் செய்து மீண்டும் கேட்டபோது "நெடுங்கால் உள்ளான்" தெளிந்தது, எண்ணின் முழுச் சொல் தெளியவில்லை, ஆனால் தொடர்ந்து சொன்ன "ஒன்று, எட்டு" கேட்டது. 18 என்று எழுதிக்கொண்டேன். இலக்கத்தைத் தனியாகச் சொல்லும் பழக்கம் இல்லையென்றால் அந்த எண்ணிக்கையைக் கைவிட்டிருப்பேன்.

ஆறாவது ஒரு பெரியவரின் பேச்சு, நான்கு நிமிடம். அதைத் தனிக் கோப்புறைக்கு மாற்றினேன். ஏழாவது 8:15-க்கு "முடிவு" என்று சொன்னது.

இந்த முதலும் கடைசியும் எதற்கு என்று கேட்கலாம். பறவைப் பட்டியலை ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றும்போது, எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கேட்கும். 6:42 முதல் 8:15 வரை என்றால் 93 நிமிடம். என் நினைவை நம்பியிருந்தால் 'ஒரு ஒன்றரை மணி நேரம் இருக்கும்' என்று உத்தேசமாகப் போட்டிருப்பேன். இடையில் எடுத்த பதிவுகளின் நேரத்தை வைத்து, ஒரே கூட்டத்தைக் கரை மாறி நின்று இரண்டு முறை எண்ணிவிட்டேனா என்றும் சரிபார்க்க முடிகிறது.

பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குவதற்கும் காரணம் இதுதான். பட்டியலின் மேலுள்ள தேடல் கட்டத்தில் `2025-01` என்று தட்டினால் அந்த மாதம் முழுவதும் வந்துவிடும். `கூழைக்கடா` என்று தமிழிலேயே தட்டினால் எல்லா ஆண்டுக் கூழைக்கடாக்களும் வந்துவிடும். பதிவின் பெயரில் தமிழ் எழுத்து வைப்பதில் ஒரு சிக்கலும் இல்லை.

ஐஓஎஸ் 18 முதல், ஐபோன் 12-உம் அதற்குப் பின் வந்தவையும் பதிவில் பேசியதை எழுத்தாகக் காட்டுகின்றன. பதிவின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு View Transcript கொடுத்தால் வரும். ஆங்கிலத்தில் பேசிய பதிவுகளுக்கு இது நன்றாக உதவும். தமிழில் பேசியதற்கு அதை நம்பி இருக்க வேண்டாம். தமிழில் பதிபவருக்குக் கையால் வைக்கும் பெயர்தான் தேடும் திறவுகோல்.

பதிவு வரவில்லை என்றால்

முதலில் வாட்சைத் திறந்து பாருங்கள். Voice Memos-க்குள் அந்தப் பதிவு இருக்கிறதா? இருந்தால் பயமில்லை, வழியில் எங்கோ நிற்கிறது. வாட்சிலேயே தொட்டுக் கேட்கவும் செய்யலாம், பெயரையும் அங்கேயே மாற்றலாம். அது இருக்கும்வரை வாட்சை அழித்து மீட்டமைப்பது, போனிலிருந்து இணைப்பைத் துண்டிப்பது போன்ற எதையும் செய்யாதீர்கள். அப்போதுதான் பதிவு உண்மையாகவே போகும்.

பதிவு வாட்சில் இருக்கிறது, போனில் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஐகிளவுட் நிரம்பியிருக்கிறது. அல்லது iCloud பட்டியலில் Voice Memos அணைந்திருக்கிறது. அல்லது நீங்கள் பார்க்கும் போனோ ஐபேடோ வேறொரு ஆப்பிள் கணக்கில் இருக்கிறது. வீட்டில் ஒரே ஐபேடைப் பலர் பயன்படுத்தும் இடங்களில் இந்த மூன்றாவது அடிக்கடி நடக்கிறது. மூன்றையும் சரிபார்த்த பிறகும் வரவில்லை என்றால், வாட்சையும் போனையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, சார்ஜரில் வைத்து ஓர் இரவு விடுங்கள்.

பதிவு வாட்சிலும் இல்லையென்றால், போனில் Recently Deleted கோப்புறையைப் பாருங்கள். ஓர் இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். 'வாட்சில் இடத்தை மிச்சப்படுத்துகிறேன்' என்று அங்கே அழித்தவர்கள் போனிலும் இழக்கிறார்கள். அழித்தவை வழக்கமாக 30 நாள் அந்தக் கோப்புறையில் காத்திருக்கும், அதற்குள் Recover கொடுத்து மீட்கலாம். அந்தக் காலத்தைச் செயலியின் அமைப்பில், Clear Deleted என்ற இடத்தில் மாற்ற முடியும். அதை Immediately என்று வைத்திருந்தால் மீட்க எதுவும் இருக்காது, ஆகவே ஒருமுறை அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய பதிவுகளை, அந்தப் பெரியவரின் பேச்சு போன்றவற்றை, நான் செயலிக்குள் மட்டும் விட்டுவைப்பதில்லை. பதிவின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, Share கொடுத்து, Save to Files வழியாக ஒரு தனிக் கோப்புறையில் போட்டுவைக்கிறேன். அது `.m4a` கோப்பாகப் போய் நிற்கும், எந்தக் கணினியிலும் திறக்கும். செயலிக்குள் தவறிப்போய் அழித்தாலும் அந்த நகல் இருக்கும். ஏரிக்குத் திரும்பப் போகும்போது அவருக்கே அதைப் போட்டுக்காட்டவும் முடிகிறது. போன முறை அப்படிப் போட்டுக்காட்டியபோது, தான் சொன்ன ஒரு ஆண்டு தவறு என்று அவர் திருத்தினார். அந்தத் திருத்தத்தையும் அங்கேயே நின்று, அவர் சம்மதத்தோடு, வாட்சில் பதிந்துகொண்டேன்.